மாற்றிய வோல்ட்மீட்டர் 1.5 வோல்ட்டைச் சரியாகக் காட்டுகிறது, 3 வோல்ட்டைக் குறைத்துக் காட்டுகிறது: ஏன்?

கரும்பலகை
4 ஜூலை 2023, இரவு 8.10

மேல்நிலை இரண்டாம் ஆண்டுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கால்வனாமீட்டரை 0 முதல் 3 வோல்ட் வரை அளக்கும் வோல்ட்மீட்டராக மாற்றும் செய்முறையில் ஒரு மாணவர் குழுவின் கருவி புதிர் போடுகிறது. நடுவில் பூச்சியமும் இருபுறமும் முப்பது பிரிவுகளும் கொண்ட வழக்கமான வெஸ்டன் வகைக் கால்வனாமீட்டர் அது. அதன் மின்தடை 80 ஓம் என்றும், தொடரில் சேர்க்க வேண்டியது 5253 ஓம் என்றும் மாணவர்கள் கணக்கிட்டு, மின்தடைப் பெட்டியில் அந்த அளவை வைத்திருக்கிறார்கள். பத்துப் பிரிவு ஒரு வோல்ட் என்பது கணக்கு.

செய்முறைக்குப் பயன்படுத்திய பேட்டரியை இணைத்தால் முள் மிகச் சரியாக 15இல் நிற்கிறது. ஆனால் மல்டிமீட்டரில் 2.99 காட்டும் ஓர் அடாப்டரை இணைத்தால் 30க்குப் பதிலாக 28இலேயே நின்றுவிடுகிறது. ஒரே கருவி ஒன்றரை வோல்ட்டைச் சரியாகவும் மூன்று வோல்ட்டைக் குறைவாகவும் காட்டுமா? முள் தொலைவு செல்லச் செல்லச் சுருள்வில் இறுகிவிடுகிறது என்கிறான் ஒரு மாணவன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வழிப்போக்கன்
4 ஜூலை 2023, இரவு 9.02

பக்க இணைப்பில் வைக்கும் மின்தடை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஐயாயிரம் ஓம் வைத்தால் மின்னோட்டம் முழுவதும் கால்வனாமீட்டர் வழியாகவே பாய்ந்து கருவி கெட்டுவிடும். ஒரு ஓமுக்கும் குறைவான செப்புக் கம்பித் துண்டு போதும். நான் படித்த காலத்தில் அப்படித்தான் செய்தோம்.

கரும்பலகை
4 ஜூலை 2023, இரவு 9.15

நீங்கள் சொல்வது அம்மீட்டராக மாற்றும் சோதனை. இங்கே கேள்வி வோல்ட்மீட்டரைப் பற்றியது. மின்தடை தொடரில் இருக்கிறது.

இளங்கதிர்
4 ஜூலை 2023, இரவு 10.31

இது சுமையேற்றத்தால் வருவது என்று நினைக்கிறேன். இந்தக் கருவியின் மொத்த மின்தடை வெறும் 5333 ஓம். மல்டிமீட்டரின் உள்மின்தடையோ பத்து மெகாஓம். ஆகவே மல்டிமீட்டரை இணைக்கும்போது அடாப்டர் உண்மையான மின்னழுத்தத்தைத் தருகிறது, உங்கள் கருவியை இணைக்கும்போது அது சரிந்துவிடுகிறது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், தொடரில் இணைத்த இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளுக்கு 3 வோல்ட் கொடுத்து, அவற்றில் ஒன்றின் குறுக்கே இப்படிப்பட்ட மீட்டரை வைத்துப் பார்த்தோம். 1.5 வர வேண்டிய இடத்தில் அதில் பாதிதான் வந்தது. கருவியில் குறை இல்லை, அளக்கும் முறையில்தான் குறை.

பழைய மீட்டர்
5 ஜூலை 2023, காலை 6.20

தம்பி இளங்கதிர் சொன்ன விளைவு உண்மையானது, அவர் சொன்ன பாதி அளவும் சரியே. 10 கிலோ ஓமின் குறுக்கே 5 கிலோ ஓம் கருவியை வைத்தால் இரண்டும் சேர்ந்து 3.33 கிலோ ஓம் ஆகிவிடும். மேலே இருக்கும் 10 கிலோ ஓமோடு பங்கிட்டால் 0.75 வோல்ட்தான் மிஞ்சும்.

ஆனால் அடாப்டருக்கு இது பொருந்தாது. மூன்று வோல்ட் இப்படி இரண்டு பிரிவு குறைய வேண்டுமென்றால் அடாப்டருக்குள்ளேயே முந்நூறு ஓமுக்கு மேல் மின்தடை ஒளிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட அடாப்டரால் ஒரு சிறு விளக்கைக்கூட எரிக்க முடியாது. இதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை: கருவியை இணைத்து முள் 28இல் நிற்கும்போதே மல்டிமீட்டரின் முனைகளையும் அதே இரு புள்ளிகளில் வைத்துப் பாருங்கள். 2.99 மாறாமல் இருந்தால் சுமையேற்றம் காரணமல்ல.

அதைவிட முக்கியமானது, மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் உள்ள மூல அளவீடுகள். கணக்கின் விடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அரை விலகல் முறையில் பெட்டியில் எத்தனை ஓம் வைத்தார்கள், முள் எங்கே நின்றது, பக்க இணைப்பில் எத்தனை ஓம் வைத்தபோது அது பாதியானது, பேட்டரியின் மின்னழுத்தமாக எதை எழுதினார்கள், அதை எப்படி அறிந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு முதலில் விடை வேண்டும்.

கரும்பலகை
5 ஜூலை 2023, மாலை 5.48

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மல்டிமீட்டர் 2.99இலேயே நிற்கிறது.

நோட்டில் உள்ளவை: தொடர் மின்தடை 3920 ஓம், விலகல் 20 பிரிவு. பக்க இணைப்பில் 78 ஓம் வைத்தபோது விலகல் 10. அதிலிருந்து

G = RS/(R − S) = (3920 × 78)/3842 = 79.6

என்று கணக்கிட்டு 80 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரி 1.5 வோல்ட். அதன்மேல் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. ஒரு பிரிவுக்கான மின்னோட்டம்

k = E/((R + G)θ) = 1.5/(4000 × 20) = 18.75 மைக்ரோஆம்பியர்

முழு விலகலுக்கு 562.5 மைக்ரோஆம்பியர். 3 வோல்ட்டை இதனால் வகுத்தால் 5333. அதிலிருந்து 80ஐக் கழித்தால் 5253. கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை.

இளங்கதிர்
5 ஜூலை 2023, மாலை 6.30

சுமையேற்றம் இல்லையென்றால் G தவறாக இருக்கலாம். பக்க இணைப்பு வைத்ததும் மொத்த மின்னோட்டம் சற்று கூடுகிறது. ஆகவே அரை விலகல் என்பதே தோராயமானது. G உண்மையில் பெரியதாக இருந்து, குறைவாகக் கழித்திருந்தால் தொடர் மின்தடை கூடிப்போய் முள் குறைவாகத்தான் காட்டும்.

பழைய மீட்டர்
5 ஜூலை 2023, இரவு 9.40

திசை சரி, அளவு போதாது. மின்னோட்டம் சற்று கூடுகிறது என்ற திருத்தம் அந்தச் சூத்திரத்தின் பகுதியில் R − S என்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வெறும் 78 என்று எழுதாமல் 79.6 என்று வந்ததே அதனால்தான். 80 ஓமை அடியோடு கழிக்க மறந்திருந்தால்கூட 5333 இருக்க வேண்டிய இடத்தில் 5413 இருக்கும். பிழை ஒன்றரை விழுக்காடு, முள்ளில் அரைப் பிரிவுக்கும் குறைவு. நமக்குத் தேவைப்படுவது ஆறரை விழுக்காட்டுக்கு ஒரு காரணம்.

அந்தக் காரணம் பேட்டரியின்மேல் அச்சிட்டிருக்கிறது. புதிய உலர் மின்கலம் பெரும்பாலும் 1.5 காட்டாது, 1.6ஐ ஒட்டியே காட்டும். 1.5 என்பது அதன் பெயர், அதன் அளவு அல்ல. அந்தப் பேட்டரி 1.6 என்று வைத்துக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்: 1.6ஐ 4000 ஓமால் வகுத்தால் 400 மைக்ரோஆம்பியர். அது முள்ளை 20 பிரிவு நகர்த்தியது. ஆக ஒரு பிரிவுக்கு 20, முழு விலகலுக்கு 600. மூன்று வோல்ட்டுக்கு மொத்தம் 5000 ஓம் வேண்டும். 80 போக, தொடரில் 4920. மாணவர்கள் வைத்ததோ 5253.

அடாப்டரைக் கொண்டு இதைத் தனியாகவும் சரிபார்க்கலாம். 2.99ஐ 5333ஆல் வகுத்து 28ஆல் வகுத்தால் 20.02 மைக்ரோஆம்பியர் வருகிறது. இருபதுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி தேவையில்லை.

இனி உங்கள் புதிர். ஒன்றரை வோல்ட்டைக் கருவி சரியாகக் காட்டியதாகச் சொன்னீர்கள். அது சரியாகக் காட்டவில்லை. உண்மையில் 1.6 வோல்ட் உள்ள பேட்டரியை அது 1.5 என்று காட்டியது. மூன்று வோல்ட்டில் குறைந்த அதே விகிதம்தான் இங்கும் குறைந்திருக்கிறது. எந்தப் பேட்டரியை 1.5 என்று நம்பிக் கருவியை அளவிட்டார்களோ, அந்தப் பேட்டரியைத் திரும்ப இணைத்தால் கருவி 1.5 என்றுதான் சொல்லும். நோட்டில் 0.9 வோல்ட் என்று எழுதியிருந்தால் தொடர் மின்தடை 8800க்கு மேல் போயிருக்கும். அப்போது அதே பேட்டரிக்கு முள் ஒழுங்காக 9இல் வந்து நின்று, 0.9 என்று சாதித்திருக்கும். சாட்சியும் நீதிபதியும் ஒருவரே என்றால் வழக்கு எப்போதும் வெற்றிதான்.

கரும்பலகை
6 ஜூலை 2023, மாலை 4.55

பேட்டரியை அளந்தேன்: 1.60. பெட்டியில் 4920 வைத்தோம் (இரண்டு 2000, ஒரு 500, இரண்டு 200, ஒரு 20 பிளக்குகளை எடுத்தோம்). அடாப்டருக்கு முள் 30ஐத் தொடாமல் ஒரு மயிரிழை முன்னால் நின்றது. பேட்டரிக்கு 16.

மாணவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. பேட்டரியின் அளவு தவறு என்றால் G மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

பழைய மீட்டர்
6 ஜூலை 2023, இரவு 8.05

நல்ல கேள்வி. G கணக்கில் பேட்டரி மின்னழுத்தம் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள், எங்குமே இல்லை. முழு விலகலையும் பாதி விலகலையும் ஒப்பிடுகிறோம், அந்த ஒப்பீட்டில் மின்னழுத்தம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. இரு அளவீடுகளுக்கிடையே பேட்டரி மாறாமல் இருந்தால் போதும், அது எத்தனை வோல்ட் என்பது தேவையே இல்லை. அடுத்த படியில், ஒரு பிரிவுக்கான மின்னோட்டத்தில், அதே மின்னழுத்தம் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. அதில் உள்ள பிழை முழுவதும் அப்படியே தொடர் மின்தடைக்கு இறங்கிவிடும். G எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் மற்றதும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அதுதான் இந்தச் செய்முறையின் பொறி.

ஒரு சிறு எச்சரிக்கை. பழைய பெட்டிகளில் எடுக்காமல் உள்ளே இருக்கும் பிளக்குகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால், பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் மின்தடை முளைத்துவிடும். ஒவ்வொன்றையும் அழுத்தி, சற்றே திருகிவிடச் சொல்லுங்கள். 4920இல் ஓர் ஓம் கூடினால் கவலையில்லை, பக்க இணைப்பில் இருக்கும் 78இல் கூடினால் கவலைப்பட வேண்டும்.

தோட்டத்து மோட்டார்
7 ஜூலை 2023, காலை 7.12

நான் ஆசிரியரும் அல்ல, மாணவரும் அல்ல. தோட்டத்தில் சூரிய மின்தகட்டுடன் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பழைய டேப்ரெக்கார்டரில் ஒலி அளவு காட்டிக்கொண்டிருந்த சிறிய முள் மீட்டர் ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன். அதை 15 வோல்ட் மீட்டராக்க வேண்டும். கடைக்காரர் 56 கிலோ ஓம் ஒன்றைக் கொடுத்து, இது போதும் என்றார். போதுமா?

இளங்கதிர்
7 ஜூலை 2023, காலை 9.50

முழு விலகல் மின்னோட்டம் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. முந்தைய பதிவில் உள்ள முறையில் அளந்து பாருங்கள். ஆனால் பேட்டரியை முதலில் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள் (பட்ட பிறகு வரும் ஞானம்).

தோட்டத்து மோட்டார்
9 ஜூலை 2023, மாலை 6.33

பக்கத்து வீட்டுப் பையன் உதவியுடன் அளந்தேன். முழு விலகலுக்கு 250 மைக்ரோஆம்பியர், உள்ளே 650 ஓம்.

பழைய மீட்டர்
9 ஜூலை 2023, இரவு 9.18

அப்படியானால் 15ஐ 250 மைக்ரோஆம்பியரால் வகுக்க 60 கிலோ ஓம். 650ஐக் கழித்தால் 59.35 கிலோ ஓம். கடைக்காரர் கொடுத்த 56ஐ மட்டும் வைத்தால் முள் உண்மையைவிட ஆறு விழுக்காடு கூடுதலாகக் காட்டும். பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்போது நிறைந்திருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள்.

59.35 என்று ஒரு மின்தடை கடையில் கிடைக்காது. 56 கிலோ ஓமுடன் திருகி மாற்றக்கூடிய ஒரு பிரிசெட்டைத் தொடரில் போடுங்கள். 56இல் தங்க நிறப் பட்டை இருந்தால் அது ஐந்து விழுக்காடு வரை விலகலாம், 53.2ஆகவும் இருக்கலாம். அப்போது 5 கிலோ ஓம் பிரிசெட் எட்டாது, 10 கிலோ ஓம் வேண்டும். ஒரு விழுக்காட்டு மெட்டல் ஃபிலிம் கிடைத்தால் 5 போதும், திருகுவதும் நிதானமாக வரும். கடைசியில் நல்ல மல்டிமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 12 வோல்ட் அருகில் சரிசெய்யுங்கள். முழு அளவில் சரிசெய்வதைவிட, நீங்கள் பார்க்கப்போகும் இடத்தில் சரிசெய்வதே மேல்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரீய அமில பேட்டரி நிறைந்திருப்பதற்கும் தீர்ந்துபோவதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு வோல்ட் அளவுதான். பதினைந்து வோல்ட் அளவுகோலில், அதுவும் அந்தச் சின்ன மீட்டரில், முள் நகர்வது கண்ணுக்குத் தெரிவதே கடினம். 10 வோல்ட் ஜெனர் ஒன்றைத் தொடரில் வைத்து 10 முதல் 15 வரை மட்டும் காட்டச் செய்யும் வழி உண்டு. ஆனால் அது வேறு கணக்கு, தனி இழையாகத் தொடங்குங்கள்.

பழைய மீட்டர்
10 ஜூலை 2023, காலை 5.55

ஐந்தாம் தேதி இரவு நான் எழுதியதைப் படித்தால், G கிட்டத்தட்ட முக்கியமே இல்லை என்ற எண்ணம் வந்துவிடும். மூன்று வோல்ட்டுக்கு மட்டுமே அது பொருந்தும். இதே கருவியை 0.3 வோல்ட் அளவுக்கு மாற்றினால் மொத்தம் 500 ஓம், தொடரில் 420. இப்போது 80 ஓம் என்பது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கழிக்க மறந்தால் முள் 30க்குப் பதிலாக 26ஐக்கூட எட்டாது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் மாங்கனின் கம்பி, வெப்பத்துக்கு அசையாது. கால்வனாமீட்டரின் சுருளோ செம்பு. ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 விழுக்காடு கூடும். காலையில் 25 டிகிரியில் அளந்த 80 ஓம், மே மாத மதியம் 40 டிகிரியில் ஏறக்குறைய 85 ஆகிவிடும். 5000 ஓமில் அந்த ஐந்தை யாரும் கவனிக்கப்போவதில்லை. 500இல் அது ஒரு விழுக்காடு. அளவு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குச் செம்பின் குணம் வெளியே தெரியும். தொடர் மின்தடை அளவை மட்டும் நிர்ணயிப்பதில்லை, சுருளின் சபலத்தையும் மூடி மறைக்கிறது.

கரும்பலகை
12 ஜூலை 2023, மாலை 5.20

இன்று வேறொரு குழு அதே கருவியில் முனைகளை மாற்றி இணைத்தது. வலப்புறம் 16 காட்டிய பேட்டரிக்கு இடப்புறம் 15தான். பூச்சியம் சரியாகவே இருக்கிறது. கண்ணாடியை மெல்லத் தட்டியும் மாறவில்லை.

இளங்கதிர்
12 ஜூலை 2023, இரவு 7.44

சுருளின் இரு சுருள்விற்களில் ஒன்று வளைந்திருக்கலாம்.

பழைய மீட்டர்
12 ஜூலை 2023, இரவு 9.30

இருக்கலாம். முள் பக்கத்திற்குப் பக்கம் காந்தப்புலம் சீராக இல்லாமல் போவதும் உண்டு. கீழே விழுந்த கருவிகளில் துருவ முனைகள் இம்மியளவு நகர்ந்திருக்கும். திறந்து பார்க்காமல் இரண்டில் எதுவென்று சொல்ல முடியாது, பள்ளிக் கருவியைத் திறக்கவும் நான் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் k அளந்தார்களோ அந்தப் பக்கம் மட்டுமே வோல்ட்மீட்டராகப் பயன்படுத்தட்டும். நேர்முனையில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

வழிப்போக்கன்
13 ஜூலை 2023, காலை 8.15

இப்போது எனக்கு ஒரு நியாயமான சந்தேகம். பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்து அதைக் கொண்டு வோல்ட்மீட்டர் செய்வதென்றால், கடைசியில் மாணவன் செய்தது மல்டிமீட்டரின் நகல்தானே? பிறகு எதற்கு இந்தச் சோதனை?

பழைய மீட்டர்
13 ஜூலை 2023, இரவு 9.02

நகல்தான். எல்லா வோல்ட்மீட்டரும் எதனுடையதோ நகல். அந்தக் காலத்தில் கடைசிப் புகலிடம் வெஸ்டன் மின்கலம். 1911 முதல் பல்லாண்டுகள் உலகம் அதை ஆதாரமாகக் கொண்டிருந்தது, ஏறக்குறைய 1.018 வோல்ட். ஆனால் அதிலிருந்து மின்னோட்டம் எடுக்கக் கூடாது, எடுத்தால் அளவு கெடும். ஆகவே 400 மைக்ரோஆம்பியர் கேட்கும் நம் சுற்றில் அதை நேரே வைக்க முடியாது. போட்டென்ஷியோமீட்டரில் வைத்துச் சமன் செய்யத்தான் ஆகும். உள்ளே பாதரசமும் காட்மியமும் வேறு.

மல்டிமீட்டர் வேண்டாமென்றால் டிஎல் 431 என்ற மூன்று கால் பாகத்தைப் பயன்படுத்தலாம். 5 வோல்ட்டிலிருந்து ஒரு கிலோ ஓம் வழியாக அதற்கு மின்னோட்டம் கொடுத்தால் 2.495 வோல்ட்டைத் தரும். தன் வழியாக ஒரு மில்லிஆம்பியர் பாய்ந்துகொண்டிருந்தால் போதும், நம் 400 மைக்ரோஆம்பியரைத் தனியாகத் தாங்கும்.

கரும்பலகை
14 ஜூலை 2023, இரவு 7.36

அந்தப் பாகத்தைச் செய்முறைத் தேர்வில் வைத்தால் வெளித்தேர்வாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பேட்டரியை அளந்து எழுதச் சொல்லிவிட்டேன். ஆனால் அளந்த மதிப்பை எழுதினால், மற்ற குழுக்களின் விடைகளோடு ஒத்துப்போகாது என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். ஐந்து குழுக்களில் நான்கு 1.5 என்றே எழுதியிருக்கின்றன, நான்கும் தம் பேட்டரிக்கு 15 என்று சரிபார்த்து முடித்திருக்கின்றன.

இளங்கதிர்
14 ஜூலை 2023, இரவு 8.20

அந்த நான்கு கருவிகளையும் ஒரே அடாப்டரில் வரிசையாக இணைத்துக் காட்டுங்கள். எல்லாம் 28இல் நின்றால் அவர்களே கேட்பார்கள்.

பழைய மீட்டர்
14 ஜூலை 2023, இரவு 8.47

பேட்டரிகள் ஒரே வயதாக இருந்தால்தான் எல்லாம் 28இல் நிற்கும். பழைய பேட்டரியை 1.5 என்று எழுதிய குழு இருந்தால் அதன் முள் 30ஐத் தாண்டிப்போய் முட்டும். அதனால் மூன்று வோல்ட்டில் தொடங்காமல் இரண்டு வோல்ட்டில் தொடங்கச் சொல்லுங்கள்.